ஒரே கல், இரண்டு டைப்: ஹால் விளைவைத் தப்பில்லாமல் அளப்பது எப்படி

"சார், நேத்து இந்தக் கல்லு என்-டைப்பா இருந்துச்சு, இன்னைக்கு பி-டைப்பா மாறிட்டு."

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாணவர் வந்து இப்படிச் சொன்னார். ஜெர்மானியத் துண்டு ஒரே இரவில் டைப் மாறாது. ஆனால் அவர் நோட்டைப் பார்த்தால் பொய் இல்லை. முந்தின நாள் 2000 காஸ் காந்தப்புலத்தில் அளந்தபோது வோல்ட்மீட்டர் கழித்தல் குறி காட்டியிருக்கிறது. மறுநாள் 500 காஸில் அளந்தபோது கூட்டல் குறி. அதே அட்டை, அதே ஒயர்கள், அதே மின்னோட்டம். ஒயரை மாற்றிப் போட்டிருப்பாய் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்ல, இல்லை என்று இவர் சாதிக்க, ஒரு மணி நேரம் அதிலேயே போனது.

முதல் முறையாக இந்தப் பரிசோதனையைச் செய்யப் போகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொள்வது நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணமாக இருக்கும் ஏற்பாடு: சின்ன அட்டையில் ஒட்டிய செவ்வக ஜெர்மானியத் துண்டு, நான்கு ஒயர்கள், ஒரு மின்காந்தம், மாறா மின்னோட்டம் தரும் பெட்டி, மில்லி வோல்ட்மீட்டர், ஒரு காஸ்மீட்டர்.

நடப்பது என்ன

துண்டின் நீளவாக்கில் மின்னோட்டம் போகிறது. அதன் முகத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருக்கிறது. ஓடுகிற ஊர்திகளை, அதாவது எலக்ட்ரான்களையோ துளைகளையோ, புலம் பக்கவாட்டில் ஒரு விளிம்பை நோக்கித் தள்ளும். அங்கே கொஞ்சம் சேர்ந்ததும், இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே ஒரு மின்னழுத்தம் உண்டாகி மேற்கொண்டு தள்ளுவதைத் தடுத்துவிடும். அந்த அழுத்தம்தான் ஹால் மின்னழுத்தம். தோவாளைச் சானலில் தண்ணீர் வளைவில் திரும்பும்போது வெளிக்கரைப் பக்கம் லேசாக ஏறி நிற்குமே, அதைப் போல.

இதில் ஒரு விஷயத்தை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். மின்னோட்டத்தின் திசையும் புலத்தின் திசையும் மாறாமல் இருந்தால், எலக்ட்ரானும் துளையும் *ஒரே* விளிம்புக்குத்தான் தள்ளப்படும். எலக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்க்குறி, அது ஓடும் திசையும் எதிர். இரண்டு எதிர்களும் சேர்ந்து விசையின் திசையை மாற்றாமல் விட்டுவிடுகின்றன. ஆகவே ஊர்திகள் எந்த விளிம்பில் சேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்த விளிம்பு நெகட்டிவாக இருந்தால் சேர்ந்திருப்பது எலக்ட்ரான். பாசிட்டிவாக இருந்தால் துளை. டைப் கண்டுபிடிப்பது என்பது இவ்வளவுதான்.

எட்வின் ஹால் 1879இல் கண்ணாடிமேல் ஒட்டிய தங்கத் தகட்டில் இதைப் பார்த்தபோது எலக்ட்ரான் என்ற ஒன்றே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. அதற்கு இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. குறியைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மின்சாரம் போடுவதற்கு முன்: படம் வரையுங்கள்

பெரும்பாலானவர்கள் நேரே ஒயரை மாட்டி அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் குறி மட்டும் கையில் இருக்கும். அது எதைக் குறிக்கிறது என்று தெரியாது. ஆகவே முதல் பத்து நிமிடம் படத்துக்கு.

அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். துண்டின் இரண்டு முனைகளிலும் மின்னோட்ட ஒயர்கள், நீண்ட விளிம்புகள் இரண்டின் நடுவிலும் ஹால் ஒயர்கள். எங்கள் அட்டையில் இடது முனையில் சிவப்பு, வலது முனையில் கறுப்பு, மேல் விளிம்பில் பச்சை, கீழ் விளிம்பில் மஞ்சள். உங்கள் அட்டையில் நிறங்கள் வேறாக இருக்கலாம். நிறத்தை நம்பாமல் எந்த ஒயர் எந்த இடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து வரையுங்கள். துண்டு தெரியும் முகத்தில், அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன நட்சத்திரம் போடுங்கள். பின்னால் அட்டையைத் திருப்பும்போது அது உதவும்.

அடுத்து காந்தத்தின் திசை. சுருளில் மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது ஒரு திசைகாட்டியைத் துருவங்களுக்கு ஓர் அடி தள்ளி, இரண்டு துருவங்களையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில் பிடியுங்கள். அந்தக் கோட்டின்மேல் ஊசியின் வடமுனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ, துருவங்களுக்கு நடுவிலும் புலம் அந்தத் திசைதான். திசைகாட்டியைத் துருவ இடைவெளிக்குள் கொண்டுபோகாதீர்கள். அவ்வளவு பலமான புலத்தில் ஊசியே தலைகீழாகக் காந்தமேறிவிடும். அதன்பிறகு வடக்கைத் தெற்கு என்று காட்டும். எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒரு திசைகாட்டி வெகுநாள் இருந்தது. ஆகவே வேலை முடிந்ததும் அதை வெளியே எடுத்துப்போய் உண்மையான வடக்கைக் காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அட்டையைத் துருவங்களுக்கு நடுவே, எந்தத் துருவத்திலிருந்து புலம் வருகிறதோ அதை நட்சத்திர முகம் பார்க்கும்படி நிறுத்துங்கள். நட்சத்திர முகத்தைப் பார்த்தபடி நீங்கள் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். புலம் உங்களிடமிருந்து விலகி அட்டைக்குள் போகிறது. மின்னோட்டம் இடமிருந்து வலம், சிவப்பிலிருந்து கறுப்புக்கு. இப்போது ஃப்ளெமிங்கின் இடக்கை விதி. இடக்கையின் ஆள்காட்டி விரலை உங்களுக்கு எதிரே நேராக நீட்டுங்கள், அது புலம். நடுவிரலை வலப்பக்கம் நீட்டுங்கள், அது மின்னோட்டம். கட்டைவிரல் தானாக மேலே நிற்கும். ஊர்திகள் மேல் விளிம்பில், அதாவது பச்சை ஒயர் இருக்கும் இடத்தில் சேரும்.

வோல்ட்மீட்டரின் பாசிட்டிவ் முனையில் பச்சையையும் மற்ற முனையில் மஞ்சளையும் மாட்டுங்கள். இந்த அமைப்பில் ஹால் மின்னழுத்தம் கழித்தல் குறியோடு வந்தால் என்-டைப். கூட்டல் குறியோடு வந்தால் பி-டைப். இதைப் படத்தின் கீழேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அளந்த பிறகு அல்ல. அளந்த பிறகு எழுதினால், வந்த விடைக்கு ஏற்றபடி விரல்கள் வளையும்.

வோல்ட்மீட்டரில் தெரிவது ஹால் மின்னழுத்தம் அல்ல

அந்த மாணவரின் கல் ஏன் டைப் மாறியது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

காந்தத்தை அணைத்துவிட்டு, துண்டில் 4 மில்லி ஆம்பியர் மட்டும் விடுங்கள். புலம் இல்லை, ஆகவே ஹால் மின்னழுத்தமும் இருக்கக் கூடாது. ஆனால் மீட்டர் 21 மில்லி வோல்ட் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

பச்சையும் மஞ்சளும் நேருக்கு நேர் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். கையால் செய்கிற வேலையில் 0.1 மில்லி மீட்டர் முன்னே பின்னே போகாமல் இருக்காது. மறுபடியும் சானலுக்கே போகலாம். இரண்டு கரையிலும் நீர்மட்டத்தை அளக்க ஆளுக்கொரு குச்சி நடுகிறோம். ஒரு குச்சி நான்கடி கீழே தள்ளிப் போய்விட்டால், வளைவே இல்லாத நேரான இடத்தில்கூட இரண்டு குச்சிகளிலும் மட்டம் வேறுவேறாக இருக்கும். அது சானலின் சரிவால் வந்த வித்தியாசம். கரையேறி நிற்கும் தண்ணீரால் வந்ததல்ல.

எங்கள் துண்டு 12 மில்லி மீட்டர் நீளம், 4 மில்லி மீட்டர் அகலம், 0.5 மில்லி மீட்டர் தடிமன். அதன் மின்தடை நீளத்தில் மில்லி மீட்டருக்குச் சுமார் 53 ஓம். 0.1 மில்லி மீட்டர் விலகல் என்றால் 5 ஓமுக்குச் சற்று மேல். அதில் 4 மில்லி ஆம்பியர் போனால் 21 மில்லி வோல்ட். கணக்கு அப்படியே பொருந்துகிறது. இதை ஆய்வகத்தில் ஆஃப்செட் என்போம்.

இந்தத் துண்டில் 500 காஸுக்கு உண்மையான ஹால் மின்னழுத்தம் கழித்தல் 16.6 மில்லி வோல்ட். அதோடு ஆஃப்செட் 21.4ஐக் கூட்டினால் மீட்டர் சுமார் 5 மில்லி வோல்ட், கூட்டல் குறியோடு காட்டும். 2000 காஸில் ஹால் மின்னழுத்தம் கழித்தல் 66.3, அப்போது ஆஃப்செட் தோற்றுவிடும், மீட்டர் கழித்தல் 44 காட்டும். இரண்டு நாளும் மாணவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். இரண்டு நாளும் அவர் வாசித்தது ஹால் மின்னழுத்தத்தை அல்ல.

அப்படியானால் புலம் இல்லாதபோது வரும் 21ஐக் குறித்து வைத்துக்கொண்டு கழித்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பல செய்முறைக் கையேடுகளில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அதில் திருப்தி இல்லை. மின்காந்தத்தை அணைத்தாலும் இரும்பில் மிச்சக் காந்தம் இருக்கும். அது சில பத்து காஸ் வரை போகும், ஆகவே நீங்கள் எடுக்கும் "சுழி" சுழி அல்ல. அதோடு துண்டின் ஒரு முனை மறுமுனையைவிட லேசாகச் சூடாக இருந்தால் புலத்தைப் பொறுத்து இன்னும் சில சின்ன மின்னழுத்தங்கள் சேரும். இவற்றை அணைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

புலத்தையும் மின்னோட்டத்தையும் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. ஹால் மின்னழுத்தம் இவற்றில் எதைத் திருப்பினாலும் குறி மாறும். ஆஃப்செட் மின்னோட்டத்தைத் திருப்பினால் மட்டும் மாறும். வெப்பத்தால் வருவனவற்றில் சில புலத்தைத் திருப்பினால் மட்டும் மாறும், சில எதற்கும் மாறாது. இந்த நடத்தை வித்தியாசத்தை வைத்தே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடலாம்.

அளவீடு: நான்கு வாசிப்புகள்

காந்தத் துருவங்களுக்கு நடுவே சுமார் 10 மில்லி மீட்டர் இடைவெளி வைத்துத் திருகை இறுக்கிவிடுங்கள். அதன்பிறகு அந்த இடைவெளியைத் தொடக் கூடாது, தொட்டால் புலம் மாறிவிடும்.

காஸ்மீட்டரின் முனையைக் காந்தத்துக்கு வெகு தள்ளி வைத்துச் சுழியாக்குங்கள். பூமியின் காந்தப்புலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் மாவட்டத்துக்கு மேலே அது 0.4 காஸ்தான், அதுவும் ஏறத்தாழ படுக்கைவாக்கில் இருக்கிறது, ஏனென்றால் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில்தான் போகிறது. ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம். 2000 காஸுக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது.

முனையைத் துண்டு நிற்கப்போகும் அதே இடத்தில் பிடித்து, மெல்லச் சுழற்றி, எங்கே வாசிப்பு உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்போதுதான் அதன் தட்டைமுகம் புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும். காஸ்மீட்டர் முனைக்குள் இருப்பதும் ஒரு ஹால் துண்டுதான் என்பது வேடிக்கை. ஹால் விளைவைக் கொண்டு அளந்த புலத்தை வைத்து ஹால் விளைவை அளக்கிறோம்.

சுருள் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி 2000 காஸுக்குக் கொண்டுவாருங்கள். முனையை எடுத்துவிட்டு அட்டையை அதே இடத்தில் வையுங்கள். துண்டில் 4.00 மில்லி ஆம்பியர் விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து வாசியுங்கள். சிவப்பிலிருந்து கறுப்புக்கு ஓடுவதைக் கூட்டல் மின்னோட்டம் என்றும், நட்சத்திர முகத்திலிருந்து உள்ளே போகும் புலத்தைக் கூட்டல் புலம் என்றும் வைத்துக்கொள்வோம். எங்கள் நோட்டில் இருப்பது இது:

```
V1 (+I, +B) = -44.4 mV
V2 (+I, -B) = +87.6 mV
V3 (-I, -B) = -87.8 mV
V4 (-I, +B) = +45.4 mV
```

புலத்தைத் திருப்ப இரண்டு வழி உண்டு. சுருளின் ஒயர்களை இடம் மாற்றுவது ஒன்று. அப்படிச் செய்தால் முதலில் சுருள் மின்னோட்டத்தை மெல்லச் சுழிக்கு இறக்குங்கள். 3 ஆம்பியர் ஓடும்போது ஒயரைப் பிடுங்கினால் சுருள் சும்மா இருக்காது, பொறி பறக்கும், பவர் சப்ளை போய்விடும். திருப்பியபின் அதே ஆம்பியரை வைத்தால் அதே காஸ் வரும் என்றும் நினைக்காதீர்கள். இரும்புக்குப் பழைய நினைவு உண்டு. காஸ்மீட்டரைப் பார்த்தே 2000ஐ மறுபடி வையுங்கள்.

நான் விரும்புவது இரண்டாவது வழி: காந்தத்தை அப்படியே விட்டுவிட்டு, அட்டையை நின்ற வாக்கிலேயே அரைச்சுற்றுத் திருப்புவது. நட்சத்திரம் எதிர்த் துருவத்தைப் பார்க்கும். பச்சை மேலேயே இருக்கும், மின்னோட்டம் சிவப்பிலிருந்து கறுப்புக்கே ஓடும். துண்டின் கண்ணுக்குப் புலம் மட்டும் திரும்பியிருக்கும், அதன் அளவு கொஞ்சமும் மாறியிருக்காது. ஆனால் துண்டு சரியாக நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போது வேறு இடத்துக்குப் போய்விடும்.

நான்கையும் இப்படிச் சேர்க்க வேண்டும்:

```
V_H = (V1 - V2 + V3 - V4) / 4
    = (-44.4 - 87.6 - 87.8 - 45.4) / 4
    = -66.3 mV
```

ஆஃப்செட் முதல் இரண்டிலும் ஒரே குறியோடும் கடைசி இரண்டிலும் எதிர்க்குறியோடும் இருப்பதால் தானாக அடிபட்டுப்போகும். வேண்டுமானால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புலத்தோடு மட்டும் திரும்புவதும் எதனோடும் திரும்பாததும் அதேபோல் போய்விடும். மின்னோட்டம், புலம் இரண்டோடும் சேர்ந்து திரும்பும் ஒரே ஒரு வெப்ப விளைவு, எட்டிங்ஸ்ஹாசன் விளைவு, மட்டும் ஹால் மின்னழுத்தத்தோடு ஒட்டிக்கொண்டு தப்பித்துவிடும். இந்தத் துண்டில் அது சின்னது, விட்டுவிடலாம்.

விடை கழித்தல் குறியோடு வந்திருக்கிறது. பச்சை விளிம்பு நெகட்டிவ். சேர்ந்திருப்பது எலக்ட்ரான். துண்டு என்-டைப்.

V1ஐ மட்டும் எடுத்திருந்தால் ஹால் மின்னழுத்தம் 44.4 என்றும், V2ஐ மட்டும் எடுத்திருந்தால் 87.6 என்றும் வந்திருக்கும். ஊர்திச் செறிவு ஒன்றில் ஒன்றரை மடங்காகவும் மற்றதில் முக்கால் மடங்காகவும் ஆகியிருக்கும். இரண்டு நண்பர்கள் ஒரே துண்டில் வேறுவேறு விடை கொண்டுவருவது பெரும்பாலும் இப்படித்தான்.

செறிவுக் கணக்கு

இனி வருவது வெறும் பெருக்கல் வகுத்தல். ஆனால் அலகுகளில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுவார்கள். எல்லாவற்றையும் முதலிலேயே மீட்டர், ஆம்பியர், வோல்ட், டெஸ்லாவுக்கு மாற்றிவிடுங்கள். 10,000 காஸ் ஒரு டெஸ்லா. 2000 காஸ் 0.2 டெஸ்லா.

```
R_H = V_H × t / (I × B)
    = (0.0663 × 0.0005) / (0.004 × 0.2)
    = 0.0414 m³/C

n = 1 / (R_H × e)
  = 1 / (0.0414 × 1.602 × 10⁻¹⁹)
  = 1.5 × 10²⁰ m⁻³  =  1.5 × 10¹⁴ cm⁻³
```

சூத்திரத்தில் வரும் t தடிமன், அதாவது புலத்தின் திசையில் உள்ள அளவு. அகலம் இதில் எங்கேயும் வராது. ஹால் மின்னழுத்தம் அகலத்துக்குக் குறுக்கேதானே அளக்கிறோம் என்று நினைத்து 4 மில்லி மீட்டரைப் போடுபவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அப்படிப் போட்டால் செறிவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

தடிமனை அளக்கத் திருகு அளவியை எடுக்காதீர்கள். ஜெர்மானியம் கண்ணாடியைப் போல உடையும். அதுவும் அட்டையில் ஒட்டியிருக்கிறது. துண்டோடு வரும் தாளில் உள்ள மதிப்பை எடுங்கள். அது இல்லையென்றால் விளிம்பை நகரும் நுண்ணோக்கியில் பாருங்கள். 0.02 மில்லி மீட்டர் தப்பினாலே விடையில் 4 சதவீதம் போய்விடும். காஸ்மீட்டரில் இன்னும் இரண்டு மூன்று சதவீதம். ஆகவே கால்குலேட்டர் 1.5063 காட்டினாலும் நோட்டில் 1.5 போதும்.

இன்னொன்றும் உண்டு. மேலே உள்ள சூத்திரம் ஊர்திகள் எல்லாம் ஒரே சீராகச் சிதறுவதாக எடுத்துக்கொள்கிறது. படிக அணிக்கோவையின் அதிர்வில் சிதறும் சாதாரணக் குறைக்கடத்தியில் கணக்குப்படி n சூத்திரத்தின் மேலே 1க்குப் பதில் 1.18 வரும். அதைப் போட்டால் செறிவு 1.8 × 10¹⁴ ஆகும். வகுப்புக்கான பரிசோதனையில் 1 என்றே எடுப்பார்கள். எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், சண்டை வராது.

சந்தேகம் வந்தால்

ஒரே புலத்தில் எடுத்த நான்கு வாசிப்பு சரிதானா என்று தெரிய, 500, 1000, 1500, 2000 காஸ் நான்கிலும் இதையே செய்து வரைபடம் போடுங்கள். ஹால் மின்னழுத்தம் புலத்துக்கு நேர்விகிதத்தில் சுழி வழியாகப் போகும் நேர்கோடாக இருக்க வேண்டும். எங்கள் துண்டில் அவை கழித்தல் 16.6, 33.2, 49.7, 66.3. சுழி வழியாகப் போகாவிட்டால் எங்கோ ஒரு குறியைத் தப்பாகச் சேர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே போகப் போகக் கோடு வளைந்தால் முதலில் சுருளைத் தொட்டுப் பாருங்கள். அது சூடேறி மின்னோட்டம் குறைந்திருக்கும். நீங்கள் பத்து நிமிடம் முந்தி வாசித்த காஸைப் போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வாசிப்புக்கு முன்னும் பின்னும் காஸ்மீட்டரைப் பார்ப்பது அதற்காகத்தான்.

மின்னழுத்தம் பெரிதாக வரட்டும் என்று துண்டின் மின்னோட்டத்தை 20 மில்லி ஆம்பியருக்கு ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். 4 மில்லி ஆம்பியரில் இந்தத் துண்டில் சுமார் 10 மில்லி வாட்தான் சூடாகிறது. ஐந்து மடங்கு மின்னோட்டத்தில் சூடு 25 மடங்காகி, கால் வாட் ஆகும். பொடிசான துண்டுக்கு அது அதிகம். மீட்டர் ஒரு நிலையில் நிற்காமல் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால் சூடேறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சூடு ஜெர்மானியத்தில் சும்மா விடாது. தூய ஜெர்மானியத்திலேயே அறை வெப்பநிலையில் கன சென்டிமீட்டருக்கு 2.4 × 10¹³ எலக்ட்ரான்களும் அதே அளவு துளைகளும் இருக்கின்றன; 10 டிகிரி ஏறினால் அந்த எண்ணிக்கை முக்கால் மடங்கு போலக் கூடும். எங்கள் என்-டைப் துண்டில் சிறுபான்மைத் துளைகளால் வரும் பிழை 3 சதவீதம்தான். ஆனால் உங்கள் கையில் இருப்பது லேசாகக் கலப்பிட்ட பி-டைப் என்றால் கதை வேறு. எலக்ட்ரான் துளையைவிட இரண்டு மடங்கு சுறுசுறுப்பு. ஹால் மின்னழுத்தத்தில் அதன் குரல் நான்கு மடங்கு கேட்கும். 10¹⁴ ஏற்பி அணுக்கள் கலந்த துண்டில், இந்தக் கணக்கின்படி பார்த்தால் செறிவு ஒன்றரை மடங்குக்கு மேலாகத் தெரியும். இன்னும் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் ஹால் மின்னழுத்தம் சுழியாகி, அப்புறம் நிஜமாகவே குறி மாறிவிடும். அந்த மாணவர் சொன்னது அப்போது உண்மையாகிவிடும். ஆகவே பி-டைப்பைக் காலையில் அளந்துவிடுங்கள். ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்கு, மின்விசிறியும் நின்றுபோன அறையில் வேண்டாம். அறை வெப்பநிலையையும் நோட்டில் குறியுங்கள்.

சன்னலோர மேசை கிடைத்திருந்தால் கையால் துண்டின்மேல் நிழல் போட்டுப் பாருங்கள். மில்லி வோல்ட் அசைந்தால் வெளிச்சம் உள்ளே ஊர்திகளை உண்டாக்குகிறது. ஒரு கறுப்புத் தாளைச் சுற்றிவிடுங்கள்.

கடைசியாக, நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை. கடற்காற்றில் முதலைக் கிளிப்புகளின் வாயில் பச்சை பூத்துவிடும். குளச்சல், முட்டம் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு வீட்டுச் சாவியிலேயே இது தெரியும். வாசிப்பு குதித்துக்கொண்டே இருந்தால் துண்டைக் குற்றம் சொல்வதற்கு முன் கிளிப்பைப் பிரித்து உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்து மாட்டுங்கள். துண்டின் பற்றவைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, காந்தம் இல்லாமல் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே உள்ள மின்னழுத்தத்தை மின்னோட்டத்தின் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். எங்கள் துண்டில் 4 மில்லி ஆம்பியருக்கு இரண்டு பக்கமும் 2.6 வோல்ட் வந்தது. ஒரு பக்கம் 2.6, மறுபக்கம் 4 என்று வந்தால் அந்த இணைப்பு டயோடாக வேலை செய்கிறது. அந்த அட்டையை ஒதுக்கிவிட்டு வேறு அட்டை கேளுங்கள்.

அந்த மாணவரும் அன்று மதியம் நான்கு வாசிப்புகளையும் எடுத்தார். 500 காஸில் கழித்தல் 16.5 வந்தது. நோட்டில் "பி-டைப்" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக "ஆஃப்செட்" என்று எழுதி வைத்தார்.